பட்டுப்போகிற துளசி: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

துளசி வாடினால் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கும். வீட்டுக்கு என்ன ஆகுமோ என்று ஒருவர் கவலைப்படுவார். இன்னொருவர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து அதன் தலையில் கொட்டுவார்: ஒரு குடம் தண்ணீர், சாணக் கரைசல், டீத்தூள், புளித்த மோர். கவலையால் செடிக்கு நஷ்டமில்லை. கொட்டுவதுதான் கொல்கிறது.

என் பெரியப்பா தொலைபேசித் துறையில் பழுது நீக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து கொல்லைப்புறத்துப் படிகளில் அவர் இறங்குவதில்லை. அங்கே துளசி மாடம் ஒன்று இருக்கிறது என்பதே அந்த வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. சித்திரை மாதத்தில் ஒருநாள், கொடியிலிருந்து காற்றில் பறந்து விழுந்த துண்டை எடுக்கப் போன பெரியப்பா அதைப் பார்த்திருக்கிறார். சாம்பல் நிறத்தில் மூன்று கிளைகள். நுனியில் காய்ந்த கதிர்கள். ஒரே ஒரு கிளையின் கீழ்ப்பாதியில், சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சில இலைகள்.

அவருடைய வேலைப் பழக்கம் இரண்டு. பழுது எங்கே என்று தெரியும்வரை கருவியைத் திறக்க மாட்டார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுவார். அந்தத் துளசி பிழைத்ததற்கு இவை இரண்டும்தான் காரணம் என்பது என் கணிப்பு. அவர் பார்த்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். உங்கள் செடியின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

அறிகுறி: இலை இல்லை, குச்சி மட்டும் நிற்கிறது

உயிர் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. இலையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, பட்டையைப் பார்க்க வேண்டும். கிளையின் நுனிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மேல்தோல் நீங்கியதும் உள்ளே பச்சையாக, சற்று ஈரமாக இருந்தால் அந்த இடம் வரை உயிர் இருக்கிறது. வைக்கோல் நிறத்தில் உலர்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. அப்படியானால் இரண்டு விரற்கடை கீழே இறங்கி மறுபடி சுரண்ட வேண்டும். பச்சை தென்படும் இடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் பிறகு வெட்டுவதற்கு அதுவே அடையாளம். பெரிதாகச் சுரண்டக் கூடாது, ஓர் அரிசி அளவுக்குப் போதும்.

பெரியப்பாவின் செடியில் ஒரு கிளை அடிவரை காய்ந்திருந்தது. மற்ற இரண்டும் பாதிக்குக் கீழே பச்சையாக இருந்தன. அடித்தண்டு கட்டைவிரல் பருமன். அதைச் சுற்றி நான்கு பக்கமும் சுரண்டிப் பார்த்தார், நான்கிலும் பச்சை. ஆகவே வேலையைத் தொடங்கலாம்.

அடித்தண்டில் எந்தப் பக்கமும் பச்சை இல்லாவிட்டால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். அந்தச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் வீண்.

காய்ந்த கிளையை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். உயிருள்ள பகுதியில் புதுத் துளிர் தெரியும்வரை கத்தரியை வைக்கக் கூடாது. எந்தக் கணுவிலிருந்து செடி துளிர்க்கப்போகிறது என்று நமக்குத் தெரியாது. அதிலும் துளசியின் முற்றிய தண்டில், கணுக்களே தெரியாத மொட்டைப் பகுதியிலிருந்து துளிர் வருவது அரிது. அவசரப்பட்டு அடியோடு வெட்டினால் நம்பியிருந்த ஒரே கணுவும் போய்விடும்.

காய்ந்த கிளையை அன்றைக்கே வெட்டிவிடலாம் என்று பெரியப்பா கத்தரியை எடுத்தார். "இன்றைக்குத் துவாதசி. துளசியில் கை வைக்காதீர்கள்" என்று பெரியம்மா உள்ளிருந்தே தடுத்துவிட்டார். காய்ந்த கிளைக்குத் துவாதசி உண்டா என்று பெரியப்பா என்னிடம் மட்டும் கேட்டார். வெட்டியது மறுநாள்தான். செடிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை.

அறிகுறி: தண்ணீர் ஊற்றியதும் கீழே வடிந்துவிடுகிறது, இலை மட்டும் தொங்கியபடியே இருக்கிறது

மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அது வேறு நோய், அதற்கு மழைக்காலப் பகுதியைப் பாருங்கள். இங்கே சொல்வது உலர்ந்த மண்ணைப் பற்றியது. கைவிடப்பட்ட செடிகளில் பெரும்பாலானவற்றின் பிரச்சினை இதுதான். பலர் இதைக் கவனிக்காமல் போவதற்குக் காரணம், எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றுவதுதான். ஒரு சொம்பு ஊற்றுகிறோம். அடித்துளை வழியாக நீர் வெளியே வருகிறது. போதுமான தண்ணீர் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பிவிடுகிறோம். உண்மையில் வேருக்கு ஒரு வாய் நீர்கூடக் கிடைத்திருக்காது.

பல வாரங்கள் காய்ந்த மண் இறுகிச் சுருங்கிவிடும். தொட்டியின் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழும். ஊற்றுகிற நீர் வழி கிடைத்த அந்த இடைவெளியில் இறங்கி, மண்கட்டியைச் சுற்றிக்கொண்டு துளை வழியே ஓடிவிடும். மேலும், நன்றாகக் காய்ந்த மக்கிய உரம் நீரை உடனே ஏற்றுக்கொள்ளாது. மேலே துளித் துளியாக உருளவிடும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் போதும். ஊற்றிய நீர் எண்ணி இருபது நொடிக்குள் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தண்டுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரற்கடை ஆழத்துக்கு இறக்கி, சிறிது நேரம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சியில் ஈர மண் ஒட்டாமல் வெறும் தூசிதான் இருக்கிறதென்றால் உள்ளே வறட்சி.

தொட்டியில் இருக்கும் செடி என்றால் தீர்வு சுலபம். ஓர் அகலமான வாளியில் நீர் நிரப்பி, தொட்டியின் பாதி உயரம் வரை அதில் இறக்கி வைக்க வேண்டும். மண்ணிலிருந்து குமிழி வருவது நின்று, மேல்மண் கறுத்து ஈரமானதும் எடுத்து வடியவிட வேண்டும். அரை மணி நேரம் ஆகலாம். இரவு முழுக்க அப்படியே விட்டுவிடக் கூடாது.

சிமெண்டு மாடத்தை வாளியில் இறக்க முடியாதல்லவா? பெரியப்பா வேறு வழி வைத்திருந்தார். முதலில் மேல்மண்ணைக் கிளறப் போனார். அதற்குள் ஊதுபத்தியின் அடிக்குச்சிகள் ஒரு கைப்பிடி செருகியிருந்தன. ஆண்டுக்கணக்காக யார் யாரோ குத்தி வைத்தவை. அவற்றைப் பிடுங்கி எடுத்தார். எடுத்த துளைகள் மண்ணுக்குள் நீர் இறங்குவதற்கு வசதியாகவே போயின. மற்ற இடங்களிலும் குச்சியால் தண்டை ஒட்டாமல் துளையிட்டார். சுவரோரத்து இடைவெளியில் உலர்ந்த மண்ணைத் தூவி விரலால் அழுத்தி அடைத்தார். பிறகு அரை டம்ளர் நீரைப் பரவலாக ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, மறுபடி அரை டம்ளர். அந்தக் காலை முழுக்க இதே வேலை. நடுவில் செய்தித்தாளைக் கொண்டுவந்து படியிலேயே உட்கார்ந்து படித்தார். மூன்றாவது, நான்காவது சுற்றுக்குப் பிறகுதான் ஊற்றிய நீர் மேலே தேங்காமல், ஓரத்தில் ஓடாமல், மெதுவாக உள்ளே இறங்கத் தொடங்கியது. மாலையில் குச்சியை இறக்கிப் பார்த்தபோது நுனிவரை மண் ஒட்டியிருந்தது.

மாடத்துக்கு நேர்மேற்கே மறைப்பு எதுவும் இல்லை. சித்திரை வெயில் மூன்று மணிக்குத் தணலாக இறங்கும் இடம். துளசிக்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும்தான். ஆனால் இலை பெரும்பாலும் உதிர்ந்த, வேர் பாதி காய்ந்த செடிக்கு அது வேண்டாம். பழைய வேட்டி ஒன்றை இரண்டு கழிகளில் கட்டி மாலைவெயிலை மட்டும் மறைத்தார். துளிர் நன்றாக விரியும்வரை அந்த வேட்டி இருந்தது.

இந்தக் கட்டத்தில் உரம் எதுவும் போடக் கூடாது. உறிஞ்சும் வேர்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும். உரத்தில் உள்ள உப்பு, இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் வேரிடமிருந்து இழுக்கும். "முதலில் லைன் சரியாகட்டும். அப்புறம் பேசலாம்" என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டு அம்மாள் அன்போடு கொண்டுவந்த மீன் உரத்தை அவர் வாங்கி ஷெட்டில் வைத்துவிட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நீர் ஊற்றுவதற்கு அவர் நாள்கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. காலையில் விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விடுவார். உலர்ந்திருந்தால் ஊற்றுவார், ஈரமாக இருந்தால் திரும்பிவிடுவார். சுமார் இரண்டு வாரத்தில் பச்சைக் கிளைகளின் கணுக்களில் கடுகு அளவு முண்டுகள் தெரிந்தன. நீர் சரியாகப் போகத் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆகியும் இப்படி ஒன்றுமே தெரியாவிட்டால் மறுபடி பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். நூல் கட்டிய இடத்திலிருந்து பச்சை கீழே இறங்கியிருந்தால் வேரில் ஏதோ கோளாறு.

அறிகுறி: துளிர் வந்துவிட்டது, ஆனால் மஞ்சளாக வருகிறது

மஞ்சளில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடியில் உள்ள பழைய இலை ஒரே சீராக மஞ்சளாகி உதிர்வது பெரும்பாலும் வயது, அல்லது தழைச்சத்துக் குறைவு. அதற்கு மண்புழு உரம் போதும். உச்சியில் உள்ள இளந்தளிர் மஞ்சளாக, அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் கதை வேறு. அது இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியாததால் வருவது. மண்ணில் சுண்ணாம்புத்தன்மை ஏறிவிட்டால் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும்.

பெரியப்பா வீட்டுத் துளசியில் வந்தது இரண்டாவது வகை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மண்ணின் மேல் வெள்ளையாக ஓர் ஏடு படிந்திருந்தது. சுரண்டினால் பொருக்காகப் பெயர்ந்தது. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர், கெட்டிலின் அடியிலும் அதே வெள்ளைப் படிவு. போதாததற்கு மாடமே சிமெண்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளை அடிப்பார்கள். சொட்டிய சுண்ணாம்பு வேறு எங்கே போகும்? அடித்தண்டைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் திட்டுத் திட்டாக இறுகியிருந்தன. மாடக்குழி விளக்கின் எண்ணெய் ஒரு பக்கத்து மண்ணை நனைத்திருந்தது. எண்ணெய் படிந்த மண் நீரை ஏற்காது. அதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

அவர் செய்தது இது. மேல்மண்ணில் ஓர் அங்குலம், வேர் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, கரண்டியால் வழித்து எடுத்தார். அந்த இடத்தில் செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பினார். கோடை மழை பெய்த அன்று மொட்டை மாடிக் குழாயின் கீழே குடத்தை வைத்துப் பிடித்து, அந்த நீரை மாடத்தில் தாராளமாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டார். மண்ணில் சேர்ந்த உப்பு வெளியேற இதுதான் வழி. இங்கே மட்டும் நீர் கீழே வழிவது நல்லது.

இவை மண்ணைத் திருத்த நாளாகும். அதுவரை தளிருக்கு இரும்பை இலைவழியாகக் கொடுக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு கிராம் வீதம் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு மெல்லிய தூறலாகத் தெளித்தால் போதும். அளவு கூடினால் இலையில் பழுப்புப் புள்ளி விழும். கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் துருவாகி வீணாகும். தெளித்த இலையைத் தீர்த்தத்துக்குப் பறிக்க வேண்டாம். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுப் பச்சைக்குத் திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்து வரும் தளிரின் நிறம்தான் கணக்கு. அவருக்கு மூன்றாவது ஜோடி இலைதான் பச்சையாக வந்தது.

பச்சையாக இரண்டு மூன்று ஜோடி இலைகள் விரிந்த பிறகே முதல்முறையாக உரம் வைத்தார். மண்புழு உரம் ஒரு கைப்பிடி, தண்டிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை. துளசிக்கு இதற்கு மேல் தீனி தேவையில்லை. அதிகம் போட்டால் இலை பெரிதாகும், வாசனை குறையும்.

பெரியம்மாவிடம் மஞ்சள் குங்குமத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "செடிக்கு வைக்காமல் மாடத்துக்கு வைத்தால் ஆகாதா பெரியம்மா?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "மாடத்திலும் அவள்தானே இருக்கிறாள்" என்றார். இப்போது மாடத்தின் முகப்பில்தான் பொட்டு. விளக்கை இலைக்குச் சூடு படாத தூரத்தில் தரையில் வைக்கிறார்கள்.

அறிகுறி: இலை சிறுத்துக்கொண்டே போகிறது, கதிர்கள் மட்டும் நீளுகின்றன

இது நோயல்ல. செடி விதைக்கத் தயாராகிறது. துளசி கதிர் விட்டு விதை முற்றவிட்டால் தன் சத்தை அங்கேதான் அனுப்பும். இலை சிறுக்கும், தண்டு கட்டையாகும், செடி கிழடாகும். நலிந்த செடி இன்னும் சீக்கிரம் கதிர் விடும்.

கதிர் அரை விரல் நீளம் வந்ததுமே கிள்ளிவிட வேண்டும். கதிரை மட்டும் உருவினால் போதாது. அதற்குக் கீழே உள்ள முதல் ஜோடி இலைக்கு மேலாக, தண்டோடு கிள்ள வேண்டும். அந்த இரு இலைகளின் கக்கத்திலும் ஒவ்வொரு கிளை புறப்படும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். குச்சியாக உயர்ந்த செடி புதராவது இப்படித்தான். இளசாக இருந்தால் நகமே போதும், கட்டையானால் கத்தரி. ஒரே நாளில் மொத்தச் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

கதிரைக் கிள்ளுவது பாவம் என்று நினைக்கும் வீடுகளில் இது நடக்காது. பெரியம்மாவும் முதலில் முகம் சுளித்தார். கிள்ளிய கதிர்களை ஒரு வாழையிலைத் துண்டில் அடுக்கிக் கொண்டுபோய் நீட்டினார் பெரியப்பா. பெருமாளுக்கு மஞ்சரி சாத்துவது விசேஷமாயிற்றே! அன்றிலிருந்து "கதிர் வந்திருக்கிறதா?" என்று தினமும் விசாரிப்பது பெரியம்மாதான்.

ஒரே ஒரு கதிரை மட்டும் விதைக்காக விட்டுவைத்தார்.

அறிகுறி: இலை ஓரம் சுருள்கிறது, மேலே வெளிர்ப் புள்ளிகள், அடியில் கரும்பொட்டுகள்

ஆடியில் இது வந்தது. தண்ணீர் போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஏனென்றால் சுருண்ட இலை நுனியிலிருந்து பழுப்பாகிக் காயும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கும். அப்போது இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரியப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு பார்த்தார். இலையின் அடியில் தார் சொட்டியதுபோல் சின்னஞ்சிறு கறுப்புப் பொட்டுகள். அவற்றின் நடுவே எள்ளைவிடச் சற்றுச் சிறிய, தட்டையான பூச்சிகள். இறக்கை கண்ணாடி போல, அதில் வலைப்பின்னல். தொட்டால் பக்கவாட்டில் நகர்ந்தது. தோட்டக்கலைக்காரர்கள் லேஸ் பக் என்று சொல்லும் பூச்சி இது. துளசிக்கென்றே வருகிற ஒரு வகை இருக்கிறது. அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். கரும்பொட்டுகள் அதன் எச்சம்.

கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இலைகளுக்கு இடையே மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன், அதற்கு இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

லேஸ் பக்குக்கு முதல் வேலை, முழுக்கச் சுருண்ட இலைகளைப் பறித்து ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுவது. செடியடியில் உதிர்க்கக் கூடாது. பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். எண்ணெய் நீரில் கலக்காது என்பதால், முதலில் சில சொட்டு சோப்புக் கரைசலில் எண்ணெயை நன்றாக அடித்து, பால் போல வெளுத்த பிறகு நீரைச் சேர்க்க வேண்டும். தெளிக்கும்போதும் அவ்வப்போது குலுக்குங்கள். இலையின் மேலே தெளிப்பதால் பயனில்லை, பூச்சி இருப்பது கீழே. தெளிப்பானின் மூக்கை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து தெளிக்க வேண்டும். நேரம் மாலை. வெயிலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும்.

பலர் ஒருமுறை தெளித்து, பூச்சி மறைந்ததும் விட்டுவிடுவார்கள். இதன் முட்டைகள் இலைத்தசைக்குள் செருகி இருக்கும், எண்ணெய் அங்கே போகாது. சில நாளில் குஞ்சுகள் வெளியே வரும். ஆகவே வாரம் ஒருமுறை, மூன்று வாரம் தெளிக்க வேண்டும். கரும்பொட்டு இல்லாத புது இலைகள் வருவதுதான் முடிந்ததற்கு அடையாளம்.

கடையில் விற்கும் பூச்சிக்கொல்லியைத் துளசிக்கு அடிக்க வேண்டாம். இலை நேராக வாய்க்குள் போகிறது. வேப்பெண்ணெய் தெளித்தாலும் ஒரு வாரம் பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவியே தீர்த்தத்தில் போட வேண்டும்.

அறிகுறி: மண் சொதசொதவென்று இருக்கிறது, இலையும் தொங்குகிறது

ஐப்பசி அடைமழையில் பெரியப்பா எனக்குத் தொலைபேசியில் சொன்னது இதுதான். வேர் மூச்சு முட்டும்போது அதனால் நீரை எடுக்க முடியாது. அதனால் வெள்ளத்தில் நிற்கிற செடியும் தாகத்தில் தவிக்கிற செடியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். பார்த்ததும் பரிதாபப்பட்டு இன்னொரு சொம்பு ஊற்றினால் முடிந்தது.

மழை நின்று அரை நாள் ஆகியும் அடித்துளையிலிருந்து சொட்டு வரவில்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது. மண்ணைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் நேரம் இருக்கிறது. சாக்கடை நாற்றம் வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது.

அவர் மண்ணில் நாற்றம் இல்லை. உறுதியான கம்பியின் நுனியைச் சற்று வளைத்து, மாடத்தின் வெளித்துளை வழியாக விட்டுத் திருகினார். முதலில் காரைத்துண்டுகள் வந்தன. பிறகு பின்னிக்கிடந்த வேர்க்கற்றை ஒன்று, கூடவே ஓர் ஊதுபத்திக் குச்சி. அதன் பின்னால் கலங்கிய நீர் பீறிட்டுக்கொண்டு வந்து அவர் வேட்டியை நனைத்தது. மழை தீரும்வரை மாடத்தின் மேல் ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தார், நான்கு பக்கமும் காற்று போகும்படி. மண் ஒரு கணு ஆழம் உலரும்வரை நீர் ஊற்றவில்லை. மூன்றாம் நாள் இலைகள் நிமிர்ந்தன.

நாற்றம் வந்திருந்தால் இது போதாது. செடியைப் பெயர்த்தெடுத்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வெளுத்து உறுதியாக இருப்பது நல்ல வேர். பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் உறைபோல் உருவிக்கொண்டு வருவது அழுகிய வேர். அழுகியதையெல்லாம் வெட்டி, அடித்துளை நன்றாக உள்ள தொட்டியில் மேலே சொன்ன அதே மண்கலவையில், ஆனால் மணலை ஒரு மடங்கு கூட்டி, நட வேண்டும். வேர் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தலையையும் குறைக்க வேண்டும். ஒரு வாரம் நிழல். அடித்தண்டு மண்மட்டத்தில் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டால் இதெல்லாம் பலிக்காது.

அறிகுறி: எதுவும் பலிக்கவில்லை, அல்லது செடிக்கு வயதாகிவிட்டது

துளசி பல ஆண்டுத் தாவரம்தான், ஆனால் நெடுநாள் வாழும் மரமல்ல. தொட்டியிலும் மாடத்திலும் சில ஆண்டுகளில் கட்டையாகிவிடும். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் துளிர் குறையும். அதற்கு முன்பே வாரிசைத் தயார் செய்துவிட வேண்டும். செடி தேறியிருக்கும்போது எடுக்கும் கிளைதான் வேர்விடும், சாகும் தறுவாயில் எடுப்பது பெரும்பாலும் விடாது.

மழை ஓய்ந்ததும் பெரியப்பா இரண்டு வழியிலும் செய்தார். கதிர் வைக்காத இளங்கிளைகளில் விரல் நீளத்துக்குச் சற்று மேலாக, ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, அடியிலிருந்த இலைகளை நீக்கி, உச்சியில் இரண்டு ஜோடி மட்டும் விட்டார். ஒரு கண்ணாடி டம்ளர் நீரில், அடிக்கணு மூழ்கும்படி ஜன்னல் ஓரம் வைத்தார். நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினார். மாற்றாவிட்டால் தண்டு வழுவழுத்து அழுகும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் வந்தது. அது ஓர் அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீரிலேயே நீளவிட்டால் மண்ணில் பிடிப்பது கடினம்.

விட்டுவைத்த கதிர் முழுக்கப் பழுப்பானதும் அதைத் தாளின் மேல் கசக்கி ஊதி, விதையைப் பிரித்தார். விதை மிகச் சிறியது. ஈரமான மண்ணின் மேலே தூவி, மணலை மெல்லிய போர்வையாக மட்டும் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. நீரை ஊற்றாமல் தெளியுங்கள், ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும். ஒன்று இரண்டு வாரத்தில் முளை தெரியும். நான்கைந்து இலை வந்த பிறகு பிரித்து நடலாம்.

கிளையில் வந்தது தாய்ச்செடியைப் போலவே இருக்கும். விதையில் வந்தது கொஞ்சம் மாறலாம். பெரியப்பாவின் நாற்றுகளில் சிலவற்றின் தண்டு கருஞ்சிவப்பாக வந்திருக்கிறது, பக்கத்து வீட்டில் கருந்துளசி நிற்கிறது. அவற்றைத் தனியாக வைத்திருக்கிறார். மாடத்துக்கு என்று கிளைநாற்று ஒன்றைத் தொட்டியில் வளர்க்கிறார், பழைய செடி நன்றாக இருக்கும்வரை அதை மாற்றுவதாக இல்லை. மீதியுள்ளவற்றில் ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தபோது, ஒரு மாதத்துக்கு உரம் வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.